கம்பார்ட்மென்ட் மாடல் இல்லாமல் கிளியரன்ஸ், தங்கு நேரம், அரை ஆயுள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எம்.ஃபார்ம் ப்ராஜெக்ட் செய்பவர்களும், பயோஈக்விவலன்ஸ் வேலைக்குப் புதிதாக வந்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். ஆளுக்கு ஒரு டேட்டாவை வைத்துப் பேசினால் குழப்பம்தான் மிஞ்சும் என்பதால், முடிந்தவரை ஒரே ஆளின் டேட்டாவில் நிற்கிறேன். ராபர்ட் அப்டன் செய்த தியோஃபிலின் ஆய்வில் பன்னிரண்டு பேருக்கு வாய்வழியாக மருந்து கொடுத்து, ஒரு நாள் வரை ரத்தம் எடுத்தார்கள். ஆர் மென்பொருளோடு `Theoph` என்ற பெயரில் அந்த டேட்டா இலவசமாக வருகிறது. அதில் முதல் நபரை எடுத்துக்கொள்கிறோம். எடை 79.6 கிலோ, டோஸ் கிலோவுக்கு 4.02 மி.கி., அதாவது மொத்தம் 320 மி.கி.

| நேரம் (மணி) | செறிவு (மி.கி./லி.) |
|---|---|
| 0 | 0.74 |
| 0.25 | 2.84 |
| 0.57 | 6.57 |
| 1.12 | 10.50 |
| 2.02 | 9.66 |
| 3.82 | 8.58 |
| 5.10 | 8.36 |
| 7.03 | 7.47 |
| 9.05 | 6.89 |
| 12.12 | 5.94 |
| 24.37 | 3.28 |

கம்பார்ட்மென்டே இல்லாமல் எப்படி சார் கணக்குப் போடுவது? உடம்பைப் பற்றி எதுவுமே அனுமானிக்கவில்லையா?

அனுமானிக்கிறோம், ஆனால் குறைவாக. உடம்பில் எத்தனை அறைகள், எது எதோடு சேர்ந்திருக்கிறது என்பதெல்லாம் இங்கே தேவையில்லை. செறிவு–நேர வளைவின் கீழே உள்ள பரப்பை, அதாவது ஏயூசியை, அளக்கிறோம், வளைவின் வாலில் சரிவை அளக்கிறோம், அவ்வளவுதான். மற்றதெல்லாம் அந்த இரண்டிலிருந்து வகுத்தலும் பெருக்கலும்.

விடாமல் பிடித்துக்கொள்ளும் அனுமானங்கள் மூன்று. டோஸை இரட்டித்தால் செறிவும் எல்லா நேரத்திலும் இரட்டிக்க வேண்டும். உடம்பின் தன்மை ஆய்வு நடக்கும்போது மாறக் கூடாது. மருந்து வெளியேறுவது நாம் ரத்தம் எடுக்கும் இடத்திலிருந்தோ, அதோடு உடனுக்குடன் சமநிலைக்கு வரும் உறுப்புகளிலிருந்தோதான் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று உடைந்தாலும் எண்கள் வரும், ஆனால் அவற்றுக்குப் பொருள் இருக்காது.

ஏயூசி எப்படிப் போடுவது? கையால் போட முடியுமா?

தாராளமாக. அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒரு சரிவகம் வரைந்து, இரண்டு செறிவுகளின் சராசரியை நேர இடைவெளியால் பெருக்குங்கள். 1.12 மணியிலிருந்து 2.02 மணி வரை: (10.50 + 9.66) ÷ 2 = 10.08, அதை 0.90 மணியால் பெருக்கினால் 9.07. இப்படிப் பத்து சரிவகங்களையும் கூட்டினால் 148.92 மி.கி.·மணி/லி. வரும்.

கூட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். கடைசிச் சரிவகம் மட்டும் (12.12 முதல் 24.37 வரை) 56.47. மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஒரே இடைவெளியில் உட்கார்ந்திருக்கிறது. முதல் இரண்டு மணி நேரத்தில் ஐந்து தடவை ஊசி குத்தி எடுத்த மாதிரிகளின் பங்கு சுமார் 16 மட்டும்தான். உச்சத்தைப் பிடிக்க அவை வேண்டும்; கிளியரன்ஸைத் தீர்மானிப்பது பின்பாதி.

லீனியரா, லாகா? எதைப் போட்டால் சரி?

ஏறும்போது லீனியர், இறங்கும்போது லாக். இதுதான் என் வழக்கம், பல மென்பொருள்களிலும் இந்த வாய்ப்பு இருக்கிறது. மருந்து அடுக்குக்குறியாக, அதாவது குழிவாக இறங்கும்போது இரண்டு புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்தால் கோடு வளைவுக்கு மேலே போகும். பரப்பு கூடுதலாக வரும். லாக் முறையின் சூத்திரம்:

```
AUC(1→2) = (C1 − C2) × (t2 − t1) / ln(C1 / C2)
```

நம்முடைய கடைசி இடைவெளிக்கு இதைப் போட்டால் 56.47 என்பது 54.87 ஆகிறது. பெரிய வித்தியாசம் இல்லை, ஏனென்றால் அந்த 12 மணி இடைவெளி இந்த மருந்தின் ஒரு அரை ஆயுளைவிடக் குறைவு. இரண்டு அரை ஆயுள் நீளத்துக்கு மாதிரியே எடுக்காமல் விட்டிருந்தால் லீனியர் முறை அந்தத் துண்டில் 15 விழுக்காடு கூடுதலாகக் காட்டும். கீழே வரும் கணக்குகளில் நான் லீனியரையே வைத்துக்கொள்கிறேன், நீங்கள் கையால் சரிபார்க்க வசதியாக இருக்கும்.

கடைசி மாதிரிக்கு அப்புறமும் மருந்து உடம்பில் இருக்குமே, அதை எப்படிச் சேர்ப்பது?

வாலின் சரிவை வைத்து நீட்டுகிறோம். கடைசிப் புள்ளிகளின் இயல் மடக்கையை நேரத்துக்கு எதிராக வரைந்து நேர்கோடு பொருத்தினால், சரிவின் எதிர்க்குறி மதிப்புதான் லாம்டா-இசட். 9.05, 12.12, 24.37 ஆகிய மூன்று புள்ளிகளுக்கு அது மணிக்கு 0.0485. இறுதி அரை ஆயுள் 0.693 ÷ 0.0485, அதாவது 14.3 மணி. மீதிப் பரப்பு கடைசிச் செறிவை லாம்டா-இசட்டால் வகுப்பது: 3.28 ÷ 0.0485 = 67.7. மொத்தம் 148.9 + 67.7 = 216.6 மி.கி.·மணி/லி.

எக்செலில் `LOG10` போட்டுவிட்டு சரிவை அப்படியே எடுத்து 0.693-ஐ வகுப்பவர்கள் ஏராளம். அப்போது இதே டேட்டாவுக்கு அரை ஆயுள் 33 மணி என்று வரும். சரிவை 2.303-ஆல் பெருக்க வேண்டும், அல்லது முதலிலேயே `LN` போட வேண்டும். ஆரில் இப்படி:

```r
d  <- subset(Theoph, Subject == "1")
tm <- d$Time; cp <- d$conc; n <- length(tm)
auc <- sum(diff(tm) * (cp[-1] + cp[-n]) / 2)
lz  <- -coef(lm(log(tail(cp, 3)) ~ tail(tm, 3)))[[2]]
aucinf <- auc + cp[n] / lz
c(auc, aucinf, log(2) / lz, 320 / aucinf)
```

வாலுக்கு எத்தனை புள்ளி எடுக்கணும்? மூன்று எடுத்தால் ஒன்று, ஐந்து எடுத்தால் வேறொன்று வருகிறதே?

குறைந்தது மூன்று, உச்சப் புள்ளியைச் சேர்க்கக் கூடாது, அரை-மடக்கைத் தாளில் கண்ணுக்கு நேர்கோடாகத் தெரியும் பகுதியை மட்டும் எடுக்க வேண்டும். மென்பொருள்கள் கடைசி மூன்றில் ஆரம்பித்து, ஒவ்வொன்றாகப் பின்னோக்கிச் சேர்த்துப் பார்த்து, திருத்திய ஆர்-ஸ்கொயர் எங்கே அதிகமோ அங்கே நிற்கும். அதை நம்பலாம், ஆனால் ஒவ்வொருவரின் படத்தையும் பார்த்துவிட்டு நம்புங்கள்.

நம் ஆளுக்கு மூன்று புள்ளியில் 14.3, நான்கில் 14.5, ஐந்தில் 14.4 மணி. இப்படி அசையாமல் நின்றால் கவலையில்லை. புள்ளி சேர்க்கச் சேர்க்க அரை ஆயுள் ஒரே திசையில் குறைந்துகொண்டே போனால் பரவல் கட்டத்தையும், கூடிக்கொண்டே போனால் உறிஞ்சல் கட்டத்தையும் உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

ஆர்-ஸ்கொயர் 0.9999 வந்திருக்கு. அப்போ அரை ஆயுள் உறுதிதானே?

இல்லை. மேலே எடுத்த மூன்று புள்ளிகளின் ஆர்-ஸ்கொயரும் 0.9999-க்கு மேல்தான். ஆனால் முதல் இரண்டு புள்ளிகளும் அருகருகே, மூன்றாவது மட்டும் 12 மணி நேரம் தள்ளி நிற்கிறது. சரிவைக் கிட்டத்தட்ட அந்த ஒற்றைப் புள்ளியே தீர்மானிக்கிறது.

சோதித்துப் பாருங்கள். 3.28 என்ற கடைசி அளவை 10 விழுக்காடு குறைத்து 2.95 என்று வையுங்கள். ஆய்வகத்தில் இந்த அளவு பிசகுவது சாதாரணம். அரை ஆயுள் 14.3-லிருந்து 12.4 மணிக்கு இறங்கிவிடும். மொத்த ஏயூசி 216.6-லிருந்து சுமார் 200 ஆகும். அதாவது அரை ஆயுள் 13 விழுக்காடு ஆடினால், ஏயூசி 8 விழுக்காடு மட்டும் ஆடுகிறது.

அதனால் ஆர்-ஸ்கொயரைவிட நான் முதலில் பார்ப்பது, வாலுக்கு எடுத்த புள்ளிகள் எத்தனை அரை ஆயுள் நீளத்துக்குப் பரவியிருக்கின்றன என்பதை. இங்கே 15.3 மணி, ஒரு அரை ஆயுளுக்குக் கொஞ்சம் கூட. குறைந்தது இரண்டு அரை ஆயுள் இருந்தால் நல்லது என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. அப்புறம் நீட்டிய பகுதியின் பங்கு: 67.7 ÷ 216.6 = 31 விழுக்காடு. ஐரோப்பிய மருந்து முகமையின் பயோஈக்விவலன்ஸ் வழிகாட்டி, அளந்த பகுதி மொத்தத்தில் 80 விழுக்காடாவது இருக்க வேண்டும் என்கிறது. இந்த ஆள் அதில் தேறமாட்டார். இன்னும் ஒரு நாள் மாதிரி எடுத்திருக்க வேண்டும்.

டோஸை ஏயூசியால் வகுத்தால் கிளியரன்ஸ் எப்படி வரும்? எங்கிருந்து வந்தது இந்தச் சூத்திரம்?

ஒரு கணத்தில் வெளியேறும் மருந்து என்பது கிளியரன்ஸ் × அப்போதைய செறிவு. கிளியரன்ஸின் வரையறையே அதுதான். இதை பூஜ்யத்திலிருந்து முடிவிலி வரை கூட்டினால் இடது பக்கம் வெளியேறிய மொத்த மருந்து, வலது பக்கம் கிளியரன்ஸ் × ஏயூசி. உள்ளே போனதெல்லாம் ஒரு நாள் வெளியே வந்துதானே ஆக வேண்டும். அதனால் இடது பக்கம் டோஸுக்குச் சமம். எத்தனை அறைகள் என்ற கேள்வி எங்கேயும் எழவில்லை பாருங்கள்.

```
CL = Dose / AUC∞          (சிரை வழி)
CL/F = Dose / AUC∞        (வாய்வழி)
```

வாய்வழி என்றால் ரத்தத்துக்குள் வந்த பங்கு, அதாவது F, எவ்வளவு என்று தெரியாது. அதனால் கிடைப்பது CL/F. நம் ஆளுக்கு 320 ÷ 216.6 = மணிக்கு 1.48 லிட்டர். இதை லாம்டா-இசட்டால் வகுத்தால் Vz/F, சுமார் 30.5 லிட்டர், கிலோவுக்கு 0.38 லிட்டர். அறிக்கையில் அந்த "/F" என்பதை விட்டுவிடாதீர்கள். தியோஃபிலின் நன்றாக உறிஞ்சப்படும் மருந்து என்பதால் இங்கே பெரிய பாதகமில்லை, ஆனால் கல்லீரலில் முதல் சுற்றிலேயே பெரும்பகுதி அழியும் மருந்துக்கு அது பல மடங்கு வித்தியாசம்.

எம்ஆர்டி என்றால் உண்மையில் என்ன? புத்தகத்தில் ஏயூஎம்சி பை ஏயூசி என்று மட்டும் போட்டிருக்கு.

டோஸில் இருந்த மூலக்கூறுகள் ஒவ்வொன்றும் உடம்பில் எவ்வளவு நேரம் தங்கின என்று பதிவு செய்ய முடிந்தால், அந்த நேரங்களின் சராசரிதான் சராசரித் தங்கு நேரம். சில மூலக்கூறுகள் உடனே போய்விடும், சில இரண்டு நாள் சுற்றும். வெளியேறும் வேகம் செறிவுக்கு விகிதமாக இருப்பதால், செறிவையே எடையாக வைத்து நேரத்தின் சராசரியை எடுக்கலாம். அந்த எடைபோட்ட கூட்டல்தான் ஏயூஎம்சி: நேரம் × செறிவு என்ற புதிய வளைவின் கீழ்ப் பரப்பு.

```
AUMC∞ = AUMC(0→tlast) + (tlast × Clast)/λz + Clast/λz²
MRT   = AUMC∞ / AUC∞
```

சரிவக முறையில் 24.37 மணி வரை ஏயூஎம்சி 1459. நீட்டிய பகுதி 3046. மொத்தம் 4505, அதை 216.6-ஆல் வகுத்தால் 20.8 மணி. அந்த மூன்றாவது உறுப்பை, λz² உள்ளதை, மறந்துவிட்டுப் போடுகிறவர்கள் நிறைய. அப்படிப் போட்டால் 14.4 மணி வரும், பார்க்க நியாயமான எண்ணாகவே இருக்கும், அதனால் பிழை வெளியே தெரியாது.

எம்ஆர்டியை 0.693-ஆல் பெருக்கினால் அரை ஆயுள் வந்தது. அப்போ இரண்டும் ஒன்றையொன்று உறுதிப்படுத்துகின்றனதானே?

20.8 × 0.693 = 14.4, சரிவிலிருந்து வந்தது 14.3. கைதட்டுவதற்கு முன் ஏயூஎம்சியை மறுபடி பாருங்கள். அதில் 68 விழுக்காடு நீட்டிய பகுதி, அந்தப் பகுதி முழுக்க லாம்டா-இசட்டிலிருந்து வந்தது. அதே எண்ணை வேறு வழியில் திருப்பி வாங்கியிருக்கிறீர்கள். இது சாட்சி ஆகாது. மூன்று அளவுகளிலும் கிளியரன்ஸைத்தான் நான் அதிகம் நம்புவேன். வாலில் ஏற்படும் பிழை அதை லேசாகத் தொடும், எம்ஆர்டியை பலமாகத் தாக்கும்.

அந்த 0.693 உறவுகூட ஒற்றை அறை போல நடந்துகொள்ளும் மருந்தை சிரை வழியாக ஒரே வீச்சில் கொடுத்தால் மட்டுமே. பல கட்டமாக இறங்கும் மருந்துக்கு இறுதி அரை ஆயுள் இதைவிட நீளமாக இருக்கும்.

மாத்திரை கொடுத்த டேட்டாவில் கிளியரன்ஸை எம்ஆர்டியால் பெருக்கி Vss எடுக்கலாமா?

கூடாது. Vss = CL × MRT என்பதில் உள்ள எம்ஆர்டி, மருந்து ரத்தத்துக்குள் வந்த கணத்திலிருந்து எண்ணப்படுவது. மாத்திரையில் கிடைக்கும் எம்ஆர்டி, கரைந்து உறிஞ்சப்படும் நேரத்தையும் சேர்த்துக்கொண்டிருக்கிறது. அதே ஆளுக்கு சிரை வழியும் கொடுத்து, இரண்டு எம்ஆர்டிகளையும் கழித்தால் அந்த உறிஞ்சல் நேரத்தைத் தனியாக எடுக்கலாம். அது இல்லாவிட்டால் மேலே சொன்ன Vz/F-ஓடு நின்றுவிடுங்கள்.

சொட்டு வழியாக T நேரத்துக்கு மருந்து ஏற்றியிருந்தால், ஏயூஎம்சி ÷ ஏயூசி-இலிருந்து T/2-ஐக் கழிக்க வேண்டும். அரை மணி நேரச் சொட்டுக்கு கால் மணி. அரை ஆயுள் ஒரு மணி நேரமே உள்ள மருந்துக்கு அது சின்ன விஷயமில்லை.

பூஜ்ய நேரத்திலேயே 0.74 இருக்கே, மருந்து கொடுக்கும் முன்னாடியே எப்படி? அதை அழிச்சிடலாமா?

முந்தைய மருந்தின் மிச்சம் அல்லது அளவீட்டில் ஏதோ குறுக்கீடு. காரணம் இந்த டேட்டாவில் இல்லை. அழிப்பது தவறு. முதலில் உச்சத்தோடு ஒப்பிடுங்கள்: 0.74 ÷ 10.50 = 7 விழுக்காடு. பயோஈக்விவலன்ஸ் ஆய்வில் அமெரிக்க எஃப்டிஏவும் ஐரோப்பிய முகமையும் வைத்திருக்கும் எல்லை 5 விழுக்காடு. அதைத் தாண்டினால் அந்த நபரின் டேட்டாவை அந்தக் கணக்கிலிருந்தே விலக்க வேண்டும்.

மிச்சம்தான் என்று வைத்துக்கொண்டால் அதன் விளைவைக் கணக்கிடலாம். 0.74-உம் அதே 14.3 மணி அரை ஆயுளில் இறங்கியிருக்கும். அதன் பரப்பு 0.74 ÷ 0.0485 = 15.3. கழித்தால் ஏயூசி சுமார் 201, CL/F 1.48-லிருந்து 1.59 ஆகும். ஒரு சின்னத் தொடக்க எண் கிளியரன்ஸை 7 விழுக்காடு கீழே இழுத்திருக்கிறது.

கடைசியில் "கண்டறியும் அளவுக்குக் கீழே" என்று வந்தால் பூஜ்யம் போடலாமா, பாதியைப் போடலாமா?

முதல் அளக்கக்கூடிய புள்ளிக்கு முன்னால் வந்தால் பூஜ்யம். கடைசி அளக்கக்கூடிய புள்ளிக்குப் பின்னால் வந்தால் எதுவும் போடாதீர்கள், விட்டுவிடுங்கள். பூஜ்யத்துக்கு மடக்கை கிடையாது. எல்லையில் பாதி என்று இரண்டு மூன்று நேரங்களுக்கு ஒரே எண்ணைப் போட்டால் வால் தட்டையாகி, அரை ஆயுள் இல்லாத நீளத்துக்குப் போய்விடும்.

ஜென்டாமைசின் இறுதி அரை ஆயுள் 100 மணிக்கு மேல் என்று ஒரு கட்டுரையில் இருக்கு. பிறகு ஏன் எட்டு மணிக்கு ஒருமுறை, நாளுக்கு ஒருமுறை என்று கொடுக்கிறார்கள்?

இரண்டுமே உண்மை. சிறுநீரகம் நன்றாக இருப்பவரிடம் ஜென்டாமைசினின் பெரும்பகுதி இரண்டு மூன்று மணி அரை ஆயுளோடு வெளியேறிவிடும். சிறுநீரகத் திசுவில் ஒட்டிக்கொண்ட கொஞ்சம் மட்டும் பல நாட்கள் மெதுவாகத் திரும்பி வருகிறது. நுட்பமான கருவியால் நாள் கணக்கில் அளந்தால் அந்த மெல்லிய வால்தான் "இறுதி" கட்டமாகத் தெரியும். அதன் பரப்பு மொத்த ஏயூசியில் சிறிய பங்கு. டோஸ் இடைவெளியைத் தீர்மானிப்பது பெரும்பகுதி வெளியேறும் வேகம். நச்சுத்தன்மையைப் பற்றி யோசிக்கும்போதுதான் அந்த வால் முக்கியம். ஆகவே இறுதி அரை ஆயுளைச் சொல்லும்போது, அந்தக் கட்டம் ஏயூசியில் எத்தனை விழுக்காடு என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

எங்கள் டெப்போ ஊசிக்கு அரை ஆயுள் பல நாட்கள் வருகிறது, அதே மருந்துக்குப் புத்தகத்தில் அரை மணி நேரம். கணக்கு தப்பா?

கணக்கு சரி, பெயர்தான் தப்பு. பெனிசிலின்-ஜி சிரை வழியில் அரை மணி அரை ஆயுளோடு போய்விடும். அதையே பென்சத்தீன் உப்பாகத் தசையில் போட்டால் வாரக்கணக்கில் கசிந்துகொண்டிருக்கும். வெளியேறும் வேகத்தைவிட உள்ளே வரும் வேகம் குறைவாக இருந்தால், வாலின் சரிவு உறிஞ்சலைத்தான் காட்டும். இதைத்தான் ஃப்ளிப்-ஃப்ளாப் என்பார்கள். ஒரே வடிவ டேட்டாவை மட்டும் வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. சிரை வழி அல்லது கரைசல் வடிவ டேட்டாவோடு ஒப்பிட வேண்டும். CL/F இதில் கெடாது, வால் முழுவதையும் பிடிக்கும்வரை மாதிரி எடுத்திருந்தால். Vz/F-ஐ மட்டும் பரவல் கொள்ளளவு என்று எழுதிவிடாதீர்கள்.

டோஸ் கூட்டிக் கொடுத்தபோது கிளியரன்ஸ் குறைந்துகொண்டே வருகிறது. எந்த டோஸின் கிளியரன்ஸை எழுதுவது?

எதையும் "இந்த மருந்தின் கிளியரன்ஸ்" என்று எழுத முடியாது. முதல் பதிலில் சொன்ன முதல் அனுமானம் உடைந்துவிட்டது. ஃபெனிடோயின் இதற்குத் தெரிந்த உதாரணம்: சிகிச்சை அளவிலேயே கல்லீரல் நொதி நிரம்பத் தொடங்கும், டோஸைக் கொஞ்சம் கூட்டினாலே செறிவு தாறுமாறாக ஏறும். அங்கே கிளியரன்ஸும் அரை ஆயுளும் செறிவோடு சேர்ந்து மாறுகின்றன. ஒவ்வொரு டோஸுக்கும் ஏயூசி, உச்சச் செறிவு ஆகியவற்றை விவரமாகக் கொடுங்கள். டோஸால் வகுத்த ஏயூசி ஏறுவதைக் காட்டுங்கள். அதற்குமேல் வேண்டுமென்றால் நொதி நிரம்புவதைச் சூத்திரத்திலேயே வைத்திருக்கும் மாடலுக்குப் போக வேண்டியதுதான்.